காசு வாங்கிச் செய்யும் வீடியோவில் ‘விளம்பரம்’ என்று எங்கே, எப்போது, எத்தனை நொடி சொல்ல வேண்டும்?

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்கு 90 நொடி ரீல்ஸ் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 8,000 ரூபாயும் 1,800 ரூபாய்ச் சேலை ஒன்றும் தருவதாகப் பேச்சு. இதே பதிவுகளைச் சேர்த்து யூடியூபுக்கு ஆறு நிமிட வீடியோ ஒன்றும் வேண்டும் என்கிறார். இந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு, ‘இது விளம்பரம்’ என்பதை ஸ்கிரிப்ட்டில் எப்படி எழுதுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஊறுகாய்க் கம்பெனியானாலும் ஜிகர்தண்டா கடையானாலும் முறை இதுதான்.

விதிகள் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று, ஆஸ்கி எனப்படும் விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இன்ஃப்ளூயன்சர் வழிகாட்டுதல். இது விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. நொடிக் கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது. இன்னொன்று அரசு விதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு விதிகள், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட கையேடு மூன்றும் இதில் சேரும். அபராதம் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். இரண்டிலும் எது கடுமையோ அதை எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் ஒருமுறை எழுதியது இரண்டுக்கும் போதும்.

1. முதலில், இது விளம்பரம்தானா என்று முடிவு செய்யுங்கள்

காசு கைமாறினால்தான் விளம்பரம் என்று நினைப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு. சேலை மட்டும் கொடுத்தாலும் விளம்பரம்தான். பாதி விலைக்குக் கொடுத்தாலும் அப்படியே. கடையின் தள்ளுபடிக் குறியீட்டை நீங்கள் சொல்லி, அதில் யாராவது வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வருமென்றாலும், ஊருக்கு வரவழைத்து லாட்ஜில் தங்கவைத்தாலும் அதேதான். ‘வீடியோ போடணும்னு கட்டாயமில்ல, சும்மா வச்சுக்கோங்க’ என்று சொல்லிக் கொடுத்த சேலைக்கும் விலக்கில்லை. அரசுக் கையேடு, நிபந்தனையோடு கொடுத்தாலும் இல்லாமல் கொடுத்தாலும் இலவசப் பொருள் இலவசப் பொருள்தான் என்கிறது.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் தவறிப்போவது உறவு. கடை உங்கள் சித்தப்பாவுடையது என்றால், அவர் ஒரு பைசா தராவிட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும். குடும்ப உறவும் வேலை உறவும் அரசுக் கையேட்டின் பட்டியலில் இருக்கின்றன.

‘நான் மனசுல பட்டதைத்தான் சொல்றேன், குறையும் சொல்வேன், அப்புறம் எதுக்கு விளம்பரம்னு போடணும்’ என்ற கேள்வி வரும். கருத்து முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும் போட வேண்டும். கருத்து உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். உங்களுக்கும் கடைக்கும் கொடுக்கல் வாங்கல் இருப்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. எவ்வளவு வாங்கினீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொந்தக் காசில் வாங்கிய பொருளைப் பற்றிப் பேசினால் இதெல்லாம் வேண்டாம். ஆனால் அந்தப் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். யாராவது புகார் கொடுத்தால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். துணிக்கடை வெப்பத்தாள் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

2. பேச்சை எழுத்தில் வாங்குங்கள்

பெரிய ஒப்பந்தமெல்லாம் தேவையில்லை, ஸ்டாம்ப் பேப்பரும் வேண்டாம். ஒரு பக்க மின்னஞ்சல் அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்கினால் போதும். வாட்ஸாப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குரல்செய்தியில் மட்டும் முடித்தீர்களானால் பின்னால் தேடி எடுக்க முடியாது.

அந்த ஒரு பக்கத்தில் தொகை, சேலையின் விலை, வெளியிடும் தேதி இவற்றோடு நான்கு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். வீடியோவிலும் குரலிலும் பதிவின் கீழே எழுதும் தலைப்புரையிலும் ‘விளம்பரம்’ என்று வரும், அதை எடுக்கச் சொல்லக் கூடாது. பொருளைப் பற்றிச் சொல்லச் சொல்லும் வாசகங்களுக்குக் கடைதான் ஆதாரம் தரும். சேலையின் நிறத்தையோ நயத்தையோ கூட்டிக் காட்டும் ஃபில்டர் போடப்படாது. கடை அந்த வீடியோவை வெட்டியோ சுருக்கியோ பயன்படுத்தினால், அந்தத் துண்டிலும் ‘விளம்பரம்’ இருக்க வேண்டும்.

முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதை அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து, மறுநாள் வெளியிட வேண்டும் என்கிற நேரத்தில்தான் ‘விளம்பரம்னு போட்டா யாரு தம்பி பார்ப்பா, எடுத்துடுங்க’ என்று போன் வரும். அப்போது காட்ட இந்த வரி இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். கூடவே ஒன்றை அமைதியாகச் சொல்லலாம்: ‘அண்ணாச்சி, விஷயம் கேஸாச்சுன்னா நோட்டீஸ் எனக்கு மட்டும் வராது, உங்களுக்கும் வரும்.’ அது உண்மைதான். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். கடைக்காரருக்கும் போடலாம், பரிந்துரைத்தவருக்கும் போடலாம். பரிந்துரைத்தவரை ஓராண்டு வரை வேறு எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கவும் முடியும், மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை.

3. எந்தச் சொல்லைப் போடுவது?

இதில் புதுமை காட்டாதீர்கள். ‘கடைக்கு நன்றி’, ‘அன்புடன் அனுப்பிய சேலை’, ‘நம்ம பார்ட்னர்’ எதுவும் செல்லாது. ஹேஷ்டேகில் `#collab`, `#sp` என்று சுருக்கிப் போடுவதும் வேண்டாம். ஆஸ்கி ஒரு சிறு பட்டியல் கொடுத்து அதற்குள்தான் நிற்கச் சொல்கிறது: `Advertisement`, `Ad`, `Sponsored`, `Collaboration`, `Partnership` போன்றவை. ஆளுக்கொரு சொல் கண்டுபிடித்தால் பார்ப்பவருக்குப் புரியாது என்பதுதான் காரணம்.

மொழி விஷயத்தில் இரண்டு விதிகளும் கொஞ்சம் விலகுகின்றன. ஆஸ்கி, ஆங்கிலத்தில் போடலாம் அல்லது விளம்பரம் எந்த மொழியோ அதில் போடலாம் என்கிறது. அரசுக் கையேடு, பேசும் மொழியிலேயே போடச் சொல்கிறது. நீங்கள் தமிழில் பேசுகிறீர்கள் என்றால் ‘விளம்பரம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். மேலூரில் உட்கார்ந்து போனில் பார்க்கும் அம்மாவுக்கும் அது உடனே புரியும். `Ad` என்ற இரண்டெழுத்து மூலையில் கிடந்தால் கண்ணிலேயே படாது.

4. நொடிக் கணக்கு

திரையில் அந்தச் சொல் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது வீடியோவின் நீளத்தைப் பொறுத்தது. 15 நொடி வரையிலான வீடியோவில் குறைந்தது 3 நொடி. 15 நொடிக்கு மேல், இரண்டு நிமிடத்துக்குள் என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ போனால், கடையைப் பற்றியும் பொருளைப் பற்றியும் பேசும் பகுதி முழுக்க நிற்க வேண்டும்.

நம் 90 நொடி ரீல்ஸுக்கு 30 நொடி என்று கணக்கு வருகிறது. இங்கேதான் பலர் தந்திரம் செய்வதாக நினைத்துச் சறுக்குகிறார்கள். கடைசி 30 நொடியில், சேலையெல்லாம் காட்டி முடித்து விலாசம் சொல்லும் இடத்தில் போடுவார்கள். கணக்கு சரி, விதி சரியில்லை. பார்ப்பவர் தவறவிடாதபடி முன்னாலேயே தெரிய வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. மூன்றில் ஒரு பங்கு என்பது குறைந்தபட்ச அளவு மட்டும். பாதியில் விரலைத் தள்ளி அடுத்த வீடியோவுக்குப் போகிறவர்தான் அதிகம், அவர் கடைசி 30 நொடியைப் பார்க்கவே மாட்டார்.

ரீல்ஸில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை வைத்துவிடுவதே என் பரிந்துரை. எடிட்டிங்கில் ஒரு லேயரை முழு நீளத்துக்கும் இழுத்துவிடுவது, 30 நொடியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று யோசிப்பதைவிடச் சுலபம்.

ஆறு நிமிட வீடியோவில் கவனம் வேண்டும். முதலில் சுங்குடி எப்படி முடிச்சுப் போடப்படுகிறது என்று பொதுவாகப் பேசுகிறீர்கள், 1:40-இல் கடைக்குள் போகிறீர்கள், 4:10-இல் வெளியே வருகிறீர்கள் என்றால் அந்த இரண்டரை நிமிடமும் எழுத்து நிற்க வேண்டும். 5:30-இல் ‘கீழே லிங்க் இருக்கு, போய்ப் பாருங்க’ என்று மறுபடி சொன்னால் அங்கேயும் வர வேண்டும். அந்த இரண்டாவது இடத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். நேரலை செய்தால் சிக்கலே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்லிவிட்டு, எழுத்தைத் தொடர்ந்து திரையில் வைத்துவிடுங்கள்.

5. ஸ்கிரிப்ட்டில் இடம் ஒதுக்குங்கள்

அரசுக் கையேடு வீடியோவுக்கு எழுத்து, குரல் இரண்டிலும் சொல்லச் சொல்கிறது. படம்பிடித்த பிறகு குரலை ஒட்டவைத்தால் தனியாகத் தெரியும், அதனால் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிட வேண்டும். முதல் மூன்று நொடியில் ஆளை நிறுத்த வேண்டுமே என்ற கவலை நியாயமானதுதான். அந்த நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைப் பெயரோ புகழ்ச்சியோ அதற்குள் வரக் கூடாது. எழுத்து திரையில் ஏற்கெனவே இருக்கும், குரல் அடுத்த வரியில் வரும். இப்படி:

0–4 நொடி. படம்: சேலையின் புள்ளிகள், மிக அருகில். திரையில் ‘விளம்பரம்’. குரல்: ‘இந்தப் புள்ளி முடிச்சுப் போட்டதா, அச்சடிச்சதா? துணியைத் திருப்பிப் பாருங்க.’

4–9 நொடி. படம்: உங்கள் முகம். குரல்: ‘இது விளம்பரம். இந்த வீடியோவுக்காகக் கடைக்காரங்க எனக்குக் காசும் ஒரு சேலையும் கொடுத்திருக்காங்க.’

9–30 நொடி. முடிச்சுப் போட்ட துணிக்கும் அச்சுத் துணிக்கும் உள்ள வித்தியாசம்.

30–78 நொடி. கடை, சேலைகள், விலை.

78–90 நொடி. விலாசம். குரல்: ‘கடையோட விளம்பரம்தான் இது. நேர்ல போயி தொட்டுப் பார்த்து வாங்குங்க.’

இரண்டாவது வரியை வேகமாக உருட்டிவிட ஆசை வரும். மற்ற வரிகளை எந்த வேகத்தில் சொல்கிறீர்களோ அதே வேகத்தில் சொல்லுங்கள், அந்த இடத்தில் பின்னணி இசையையும் குறைத்துவிடுங்கள். அதைச் சொல்லும்போது முகம் திரையில் இருப்பது நல்லது. சேலைகள் சரசரவென்று மாறிக்கொண்டிருந்தால் காது கேட்காது.

6. திரையில் எங்கே வைப்பது?

ரீல்ஸில் கீழ்ப்பகுதியைக் கணக்குப் பெயரும் தலைப்புரையும் மூடிக்கொள்ளும், வலப்பக்கத்தை லைக், ஷேர் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும். எடிட்டிங் ஆப்பில் அழகாகத் தெரிந்த எழுத்து, வெளியான பிறகு அதற்கடியில் ஒளிந்துவிடும். 1080 × 1920 அளவுச் சட்டத்தில் மேலிருந்து சுமார் 300 பிக்சல் இறக்கி, இடப்பக்கம் வையுங்கள். எழுத்து உங்கள் சப்டைட்டிலைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வேண்டும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலைகள் மாறும்போது பட்டையில்லாத எழுத்து பாதி நேரம் கரைந்துபோகும்.

சோதிப்பது சுலபம். வெளியிடும் முன் வீடியோவை உங்கள் போனில் போட்டு, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, நண்பர் ஒருவரிடம் ஒரு தடவை மட்டும் காட்டுங்கள். ‘இது என்ன வீடியோ?’ என்று கேளுங்கள். ‘சேலைக்கடை விளம்பரம்’ என்று பதில் வந்தால் சரி.

7. தலைப்புரையும் தளத்தின் பொத்தானும்

தலைப்புரையில் முதல் சொல்லே ‘விளம்பரம்’ என்று இருக்கட்டும். முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும் என்பது விதி, காரணம் அதற்கு மேல் படிக்க ‘மேலும்’ என்பதைத் தட்ட வேண்டியிருக்கும். இருபது ஹேஷ்டேகுகளுக்கு நடுவே சொருகுவது கணக்கில் வராது. புரொஃபைலில் ‘என் பதிவுகளில் சில விளம்பரங்கள்’ என்று பொதுவாக எழுதிவைப்பதும் போதாது.

இன்ஸ்டாகிராமில் `Paid partnership` அடையாளத்தையும் போடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் வீடியோ விவரங்களின் கீழே `Paid promotion` என்ற பகுதியில் டிக் செய்யுங்கள். டிக் செய்தால் வீடியோ தொடக்கத்தில் `Includes paid promotion` என்று சில நொடி வந்து மறையும். ஆறு நிமிட வீடியோவில் 1:40-க்கு நேராகத் தாவுகிறவர் அதைப் பார்க்க மாட்டார், அதனால் அது மட்டும் போதாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் ரீல்ஸை யாராவது இறக்கி வாட்ஸாப் குழுவில் அனுப்பினால் தளத்தின் அடையாளம் அதோடு சேர்ந்து போகாது. படத்தோடு பதித்த எழுத்தும் குரலும் மட்டும்தான் கூடப் போகும்.

8. சொல்லும் சங்கதிக்கு ஆதாரம்

‘விளம்பரம்’ என்று போட்டுவிட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றில்லை. சொன்னது பொய்யானால் நீங்களும் பொறுப்பு. ஆனால் சொல்வதற்கு முன் தக்கபடி விசாரித்துப் பார்த்தேன் என்று காட்ட முடிந்தால் பரிந்துரைத்தவர் அபராதத்திலிருந்து தப்பலாம் என்று சட்டமே இடம் தருகிறது. அந்த விசாரிப்புக்கு ஆதாரம் வைத்துக்கொள்வதுதான் இந்தப் படி.

கடைக்காரர் கொடுத்த குறிப்பில் மூன்று வாசகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘எல்லாமே கைமுடிச்சுச் சுங்குடி’. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் சந்தையில் அதே புள்ளி வடிவத்தை அச்சடித்த துணியும் ‘சுங்குடி’ என்றே விற்கிறது. கையால் முடிந்து சாயம் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும், முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி சின்னதாகச் சுருங்கி நிற்கும், பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும். அச்சில் புள்ளிகள் அச்சு அசலாக ஒரே மாதிரி, பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். நீங்கள் காட்டப்போகும் சேலை ஒவ்வொன்றையும் இப்படித் திருப்பிப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பத்தில் நான்கு அச்சு என்று தெரிந்தால் ‘எல்லாமே’ என்பதை அடித்துவிட்டு, ‘கைமுடிச்சும் இருக்கு, அச்சும் இருக்கு, கேட்டு வாங்குங்க’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, ‘சாயம் போகவே போகாது’. உங்களுக்குக் கொடுத்த சேலையின் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் ஒட்டினாலும் அந்த வரி போகட்டும். ‘முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க’ என்றால் பார்ப்பவருக்கும் உபயோகம், உங்களுக்கும் வம்பில்லை. மூன்றாவது, ‘மதுரையிலேயே இதுதான் குறைந்த விலை’. விளக்குத்தூண் பக்கம் எல்லாக் கடையும் ஏறி இறங்கி யாரும் இதை நிரூபிக்க முடியாது. ‘600 ரூபாயிலிருந்து இருக்கு’ என்று அந்தக் கடையில் கண்ணால் பார்த்த விலையைச் சொல்லுங்கள்.

9. நாள், செலவு, கோப்பு

வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பே ஸ்கிரிப்ட்டை அனுப்பிவிடுங்கள். ஆதாரம் கேட்டுப் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும், கல்யாண முகூர்த்த மாதங்களிலும் தீபாவளி நேரத்திலும் துணிக்கடையில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் தனியாகச் செலவு என்று பார்த்தால் எடிட்டருக்கு அரை மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான். இலவசமாக வரும் பொருள்களுக்கு ஒரு கணக்குச் சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால், நீங்கள் அதை வைத்துக்கொள்ளும் பட்சத்தில் 10 சதவீதம் வரிப்பிடித்தம் வரக்கூடும். 1,800 ரூபாய்ச் சேலைக்கு அந்தக் கவலை இல்லை, அடுத்து ஒரு பட்டுச்சேலை வந்தால் இருக்கும்.

ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். மின்னஞ்சல் ஒப்புதல், சேலைக்கான பில் அல்லது சலான், கடை கொடுத்த குறிப்பு, ஆதாரப் போட்டோக்கள், இறுதி ஸ்கிரிப்ட், வெளியான பிறகு போனில் எடுத்த ஸ்கிரீன் ரெக்கார்டிங். கடைசியாகச் சொன்னது முக்கியம். தளம் தன் வடிவமைப்பை மாற்றினாலும், தலைப்புரையை யாராவது திருத்தினாலும், முதல் நாள் எப்படி இருந்தது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

வெளியாகி ஒரு வாரம் கழித்துக் கடையின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் 90 நொடியை அவர்கள் 30 நொடியாக வெட்டி, பணம் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். அந்தத் துண்டுக்கு நீளக் கணக்கு புதிதாகத் தொடங்கும், குறைந்தது 10 நொடி. எழுத்தை முழு நீளத்துக்கும் பதித்திருந்தால் எங்கே வெட்டினாலும் அது இருக்கும். குரல் வரிதான் போயிருக்கும், ஏனென்றால் அவர்கள் முதலில் வெட்டுவது நீங்கள் ‘காசும் ஒரு சேலையும்’ என்று சொல்லும் அந்த ஐந்து நொடியைத்தான். ஒப்பந்தத்தின் நான்காவது வரியைக் குறிப்பிட்டு அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், அந்தச் செய்தியையும் ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.